பழி சுமந்த மருதோன்றி

உடலில் ஒரு நோய் தோன்றினால் அதற்கு ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட வேண்டும் என்ற அவசரம் மனிதருக்கு இயல்பானது. காரணம் கிடைக்காதவிடத்து ஒரு குற்றவாளியாவது கிடைக்க வேண்டும். 2023 ஆம் ஆண்டு வைகாசி மாதத்தில் என் இரு கைகளிலும் கொப்புளங்கள் எழுந்தபோது, மூன்றே நாட்களுக்குள் நான் ஒரு குற்றவாளியைக் கண்டுபிடித்தேன். விசாரணையின்றித் தீர்ப்பும் வழங்கினேன். அத்தீர்ப்பு எவ்வாறு பிழையாயிற்று என்பதையும், உண்மையான காரணம் எவ்வழியால் அகப்பட்டது என்பதையும் எழுதுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

சிற்றன்னையின் மகளுக்கு அவ்வாண்டு வைகாசியில் யாழ்ப்பாணத்தில் திருமணம். திருமணத்துக்கு முதல் நாள் வியாழக்கிழமை இரவு, எங்கள் அயல் வீட்டுப் பிள்ளை ஒருத்தி வந்து வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் மருதோன்றி இட்டாள். பதினெட்டு வயதுப் பிள்ளை, கை நேர்த்தியானவள். என் உள்ளங்கைகள் இரண்டிலும் கொடியும் பூவுமாக வரைந்தாள். வெள்ளிக்கிழமை திருமணம் நிறைவேறியது. ஞாயிறு காலையில் கைகள் கடிக்கத் தொடங்கின. பிற்பகலில் விரல்களின் பக்கவாட்டில், அவித்த சவ்வரிசியைத் தோலுக்குள் பதித்துவிட்டாற் போல, சின்னஞ்சிறு நீர்க் கொப்புளங்கள் தோன்றின. திங்களன்று புறங்கைகள் சிவந்து தடித்தன. கொப்புளங்கள் உடைந்து நீர் கசிந்தது. இரவில் நித்திரையில்லை. கைகளைக் குளிர்ந்த நீரில் அமிழ்த்தியபடி கிணற்றடியிலே விடியும்வரை இருந்த நாட்களும் உண்டு.

மருதோன்றியோடு கறுப்புச் சாயம் கலந்து விற்கப்படுவதையும், அதனாற் பலருடைய கைகள் புண்பட்டதையும் நான் அறிந்திருந்தேன். ஆகவே அப்பிள்ளையை அழைத்து, “நீ ஏதோ கறுப்புப் பொடி கலந்துதான் போட்டிருக்கிறாய்” என்று பலர் முன்னிலையிற் கூறினேன். “இல்லை அக்கா, எங்கட வேலியிலை நிண்ட மரத்து இலைதான், தேசிக்காய்ப் புளியும் தேயிலைச் சாயமுந்தான் விட்டரைச்சனான்” என்றாள் அவள். நான் நம்பவில்லை. அதன்பின் அவள் எங்கள் வீட்டுக்கு வருவதை நிறுத்திக்கொண்டாள். அவ்வூரில் வேறு திருமணங்களுக்கும் அவளை அழைப்போர் குறைந்தனர் என்பதைப் பின்னரே அறிந்தேன்.

இவ்விடத்தில் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும். 2022 ஆம் ஆண்டு ஐப்பசியில் என் தாயார் படுக்கையில் வீழ்ந்தார். நாள்தோறும் விரிப்புகளையும் உடைகளையும் சவர்க்காரத் தூளிட்டு நானே கையால் தோய்க்க வேண்டியதாயிற்று. எங்கள் ஊர்க் கிணற்று நீர் சுண்ணாம்புக் கற்பாறையினின்று ஊறுவது, கடினமானது, இலகுவில் நுரைக்காதது. தூளை அள்ளிப் போட்டே பழகியவர்கள் நாம். மார்கழிக்குள் என் விரல் நுனிகள் வெடித்தன. விரலிடுக்குகளும் மோதிரத்தின் அடியும் வறண்டு செதிலுரிந்தன. எரிவு உண்டு; ஆனாற் கடி பெரிதாக இல்லை. கொப்புளமும் இல்லை. உறவினர் ஒருவரின் சொற்படி, தையில் மஞ்சள் நிற இறப்பர்க் கையுறை ஒரு சோடி வாங்கினேன். மாசிக்குள் வெடிப்புகள் ஆறின. கையுறை எனக்கு ஒரு கவசமாயிற்று.

கொப்புளம் எழுந்த பின்னர் அக்கவசத்தை நான் இன்னும் இறுகப் பற்றிக்கொண்டேன். முன்பு தோய்க்கும்போது மட்டும் அணிந்ததைப் பின்பு பாத்திரங் கழுவவும், நிலந் துடைக்கவும், மரக்கறி நறுக்கவும் அணிந்தேன். புண் குறைவதும் எழுவதுமாக இருந்தது. மருதோன்றியின் நிறம் முற்றாக மங்கி மறைந்த பின்னும் புண் மாறவில்லை. அப்போதுதான் என் தீர்ப்பில் எனக்கு முதன்முதலாக ஐயம் பிறந்தது. எனினும் அப்பிள்ளையிடஞ் செல்லவில்லை. வேறொரு குற்றவாளியைத் தேடினேன். இம்முறை சவர்க்காரத் தூள்.

ஒரு சிறு பரிசோதனையும் செய்தேன். தூளை நீரிற் குழைத்து, பஞ்சில் தோய்த்து, முன்னங்கையின் உட்புறத்தில் வைத்துப் பிளாஸ்ரரால் இரவு முழுவதும் ஒட்டினேன். காலையில் அவ்விடம் சிவந்து பொசுங்கியிருந்தது. ‘கண்டுகொண்டேன்’ என மகிழ்ந்தேன். என் தங்கை சற்று விவேகமுள்ளவள். அதே குழம்பைத் தன் கையிலும் ஒட்டிப் பார்த்தாள். அவளுடைய கையும் அவ்வாறே பொசுங்கிற்று. அவளுக்கோ எந்நாளும் கையிற் புண் இருந்ததில்லை. என் பரிசோதனை ஒன்றையும் நிறுவவில்லை என்பது அன்றே தெரிந்திருக்க வேண்டும். செறிவான சவர்க்காரத்தைத் தோலோடு மூடி வைத்தால் எவருடைய தோலும் எரியும். அது தோலுறுத்தலேயன்றி ஒவ்வாமையன்று. இத்தகைய வீட்டுச் சோதனையை எவரும் செய்தலாகாது என்பதை என் முன்னங்கையிலுள்ள தழும்பு இன்றும் நினைவூட்டுகிறது.

ஆனியில் திருகோணமலையிலுள்ள தமையனார் வீட்டிற் பத்து நாட்கள் தங்க நேர்ந்தது. தாயாரைத் தங்கை பார்த்துக்கொண்டாள். கையுறையை நான் எடுத்துச் செல்லவில்லை. அங்கும் என் உடைகளை அதே வகைத் தூளால், வெறுங்கையாலேயே தோய்த்தேன். ஏழாம் நாள் கொப்புளங்கள் காய்ந்து தோலுரியத் தொடங்கின. பத்தாம் நாள் கடி அடங்கியது. வீடு திரும்பி மறுநாள் காலை ஒரு மூட்டைத் துணி தோய்த்தேன். அதற்கு அடுத்த நாள் இரவிற் கடி மீண்டது. மூன்றாம் நாள் விடியும்போது கொப்புளங்களும் மீண்டன. எங்கள் கிணற்று நீரிலேதான் தீங்கு இருக்கிறது என்று இப்போது கருதினேன். பிறந்ததுமுதல் அந்நீரிலே குளித்து வளர்ந்தவள் நான் என்பது அவ்வேளை நினைவுக்கு வரவில்லை.

இந்நிலையிலேதான் கொழும்பிலே தோல்நோய் வைத்தியர் ஒருவரைக் காணச் சென்றேன். அவர் மருந்துச் சீட்டை எடுக்கவில்லை. என் கைகளை மேசையில் வைத்து நெடுநேரம் பார்த்தார். பின்பு, “மருதோன்றி எங்கே இட்டார்கள்?” என்று கேட்டார். உள்ளங்கையில் என்றேன். “கொப்புளம் அந்தக் கோலத்தின் வழியே எழுந்ததா?” என்றார். நான் வாயடைத்தேன். உள்ளங்கையிற் கொடியும் பூவும் வரைந்த இடம் பெரிதும் தெளிவாகவே இருந்தது. புண் மிகுந்திருந்தது புறங்கையிலும் விரல்களின் பக்கங்களிலும் மணிக்கட்டிலும். அங்கும் அது ஒழுங்கின்றிப் பரவியிருக்கவில்லை. மணிக்கட்டுக்கு நான்கு விரற்கடை மேலே, கோடு கிழித்தாற் போல நின்றது. அந்தக் கோடு எதனுடைய விளிம்பு என்பதை அவர் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

அவர் விளக்கியவற்றை என் சொற்களில் தருகிறேன். மருதோன்றி இலையிலுள்ள இயற்கைச் சாயம் ஒவ்வாமையை உண்டாக்குவது மிக அரிது. அது முதலிற் செம்மஞ்சளாகப் பற்றி, ஓரிரு நாட்களிற் செங்கபிலமாக முதிரும். ஒரு மணி நேரத்திற் கருமையாவதில்லை. விரைவிற் கறுக்கச் செய்வதற்காகச் சிலர் கலப்பது, தலைமயிர்ச் சாயங்களிலுள்ள பரா பினைலீன் டையமீன் என்னும் இரசாயனம். அது கொடியதுதான். ஆனால் அது தாக்கும்போது, வரைந்த கோலம் வரைந்தபடியே தடித்துக் கொப்புளிக்கும். பூ பூவாகவும் கொடி கொடியாகவும் எழும். என் கையிலிருந்த மருதோன்றி செம்மஞ்சளாகவே பிடித்திருந்தது, கோலமும் கொப்புளிக்கவில்லை. அப்பிள்ளை குற்றமற்றவள் என்பதற்கான சான்றை என் உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு நான் அவளைப் பழித்திருக்கிறேன்.

“திருமணத்தன்று வேறு என்ன செய்தீர்கள்?” என்று அவர் கேட்டார். வெள்ளி இரவு விருந்து முடிந்தபின் அண்டா குண்டாக்களையெல்லாம் இரண்டு மணி நேரமாகக் கழுவியது நினைவுக்கு வந்தது. மருதோன்றியின் நிறம் கெடாதிருக்க வேண்டுமென்று அவ்வளவு நேரமும் கையுறையைக் கழற்றவில்லை. உள்ளே வியர்வை குளமாக நின்றது. “அதற்கு முன் கடித்ததில்லையா?” என்றார். சித்திரையிலேயே மணிக்கட்டில் இலேசான கடி இருந்ததை அப்போதுதான் ஒப்புக்கொண்டேன். சிறிது என்பதால் அதை நான் எண்ணவேயில்லை.

இங்கேதான் இந்நோயின் தந்திரம் இருக்கிறது. நஞ்சு பட்டாற் போலத் தொட்டவுடன் எரிவதன்று இது. ஒரு சிறு இரசாயன மூலக்கூறு தோலினுள் நுழைந்து, அங்குள்ள புரதத்தோடு பிணைகிறது. தோலிலுள்ள காவற் கலங்கள் அதனை நிணநீர்க் கணுக்களுக்கு எடுத்துச் செல்கின்றன. அங்கே அதனை அடையாளங் காணும் வெண்கலங்கள் பெருகுகின்றன. இந்த முதற் பயிற்சிக்குக் குறைந்தது பத்து நாட்கள் அளவில் வேண்டும். சிலருக்குப் பல மாதங்களும், ஏன், பல ஆண்டுகளும் அப்பொருளோடு பழகிய பின்னரே இது நிகழும். பயிற்சி நடைபெறும் காலத்தில் வெளியே ஓர் அறிகுறியும் இல்லை. பயிற்சி முடிந்த பின்னர் அப்பொருள் மீண்டும் பட்டால், அக்கலங்கள் திரண்டு வந்து தோலைத் தாக்குவதற்கு ஒரு நாளோ இரண்டு நாட்களோ செல்லும். ஆகவே இருவகையில் நாம் ஏமாறுகிறோம். ‘மாதக் கணக்காக அணிந்தேன், ஒன்றும் செய்யவில்லையே’ என்று உண்மைக் காரணத்தை விடுவிக்கிறோம். கடி எழுந்த நாளில் எதனைத் தொட்டோம் என்று தேடி, இடையில் வந்த ஒரு நிரபராதியைப் பிடிக்கிறோம். ஞாயிறன்று எழுந்த கொப்புளத்துக்குக் காரணத்தை வெள்ளி இரவிலே தேடியிருக்க வேண்டும். நானோ அந்த வாரத்தில் நிகழ்ந்த புதுமை எதுவோ அதனையே நாடினேன். மருதோன்றி புதுமை, கையுறை பழக்கம். பழக்கத்தின் மீது எவருக்கும் ஐயம் பிறப்பதில்லை.

ஐயம் மட்டும் போதாது; நிறுவ வேண்டும் என்றார் வைத்தியர். அதற்குரியது ஒட்டுச் சோதனை. ஜோசப் யடசோன் என்ற ஜெர்மானியத் தோல்நோய் வைத்தியர் 1895 இல் எடுத்துரைத்த முறை அது. அடிப்படையில் இன்றும் மாறவில்லை. தோலுறுத்தாத அளவுக்கு நுண்ணிதாக வாசலீனிற் கலக்கப்பட்ட இரசாயனங்களைச் சிறு அலுமினியக் கிண்ணங்களில் இட்டு, முதுகின் மேற்பகுதியில் வரிசையாக ஒட்டுகிறார்கள். என் முதுகில் முப்பதுக்கு அண்மையான கிண்ணங்கள் திங்களன்று ஒட்டப்பட்டன. அவற்றோடு, நான் கொண்டுசென்ற கையுறையினின்று வெட்டிய இரண்டு சதம மீற்றர்த் துண்டு ஒன்றை நீரில் நனைத்து ஒட்டினார். அயல் வேலியிற் பறித்து அரைத்த மருதோன்றியையும் ஒட்டினார். சவர்க்காரத் தூளை அப்படியே ஒட்ட மறுத்துவிட்டார். காரணத்தை என் முன்னங்கை ஏற்கெனவே அறிந்திருந்தது.

முதுகை நனைக்கக் கூடாது, வியர்க்க விடக் கூடாது, சொறியக் கூடாது. கொழும்பின் ஆடி மாதப் புழுக்கத்திலே அது ஒரு தவந்தான். 48 மணி நேரத்தின் பின், புதன்கிழமை கிண்ணங்களை அகற்றி, இடங்களை மையாற் குறித்து, ஒரு முறை பார்த்தார். இரண்டு இடங்களில் மங்கலான சிவப்புத் தெரிந்தது. எதனையும் அவர் முடிவு செய்யவில்லை. வெள்ளியன்று மீண்டும் பார்த்தபோது, அவற்றுள் ஒன்று அடையாளமின்றி மறைந்திருந்தது. மற்றையது தடித்துச் சிறு கொப்புளங்களோடு கடித்தது. கையுறைத் துண்டு இருந்த இடமும் இப்போது சதுர வடிவிற் சிவந்து தடித்திருந்தது. உறுத்தலால் வந்த சிவப்பு நாட்செல்லத் தணியும். ஒவ்வாமையால் வந்ததோ நாட்செல்ல ஏறும். இரண்டாம் முறை பார்க்காது முதல் நாளே முடிவு கூறினால் பிழை நேர்வது இதனாலேயே.

கொப்புளித்த கிண்ணத்திலிருந்தது தையுராம் என்னும் கூட்டத்தைச் சேர்ந்த இரசாயனங்களின் கலவை. பரா பினைலீன் டையமீன் இருந்த இடத்தில் ஒன்றும் இல்லை. மருதோன்றி இருந்த இடத்திற் செம்மஞ்சள் நிறத்தைத் தவிர வேறொன்றும் இல்லை.

தையுராம் கையுறைக்குள் ஏன் வந்தது? இறப்பர்ப் பால் உலர்ந்த அளவில் நீடித்து உழைக்காது, வெப்பத்திற் பிசுபிசுக்கும். அதனைக் கந்தகத்தோடு சேர்த்து வெப்பமூட்டும்போதுதான் உறுதியும் மீளுந்தன்மையும் பெறுகிறது. அவ்வினையை விரைவுபடுத்தச் சேர்க்கப்படும் துணைப் பொருள்களுள் தையுராம்களும் அவற்றின் உறவான கார்பமேற்றுகளும் முக்கியமானவை. வினை முடிந்த பின்னும் அவற்றுள் ஒரு பகுதி எஞ்சி நிற்கும். கையுறைக்குள் வியர்வை சேரும்போது அது கசிந்து, நீரில் ஊறி மென்மையடைந்த தோலுக்குள் எளிதாக இறங்கும். புறங்கையின் தோல் மெல்லியது, உள்ளங்கையினது தடித்தது. புண் ஏன் புறங்கையில் மிகுந்தது என்பதற்கும் விடை கிடைத்தது. சவர்க்காரத் தூளும் முற்றிலும் குற்றமற்றதன்று. தோலின் எண்ணெய்ப் பசையை நீக்கி, வெடிப்புகளை உண்டாக்கி, கதவைத் திறந்து வைத்தது அதுவே. திறந்த கதவின் வழியே நுழைந்தது கையுறையின் இரசாயனம்.

1876 ஆம் ஆண்டிலே ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்ட கன்றுகளோடு இறப்பர் இந்நாட்டுக்கு வந்தது. நம் நாட்டு மரத்தின் பால்தானே, அது என்ன செய்யும் என்று நான் வைத்தியரிடம் கேட்டேன். மரத்துப் பாலிலுள்ள புரதத்தினாலும் ஒவ்வாமை உண்டு. ஆனால் அது வேறு வகை என்றார். கையுறை அணிந்த சில நிமிடங்களிலேயே தடிப்பும் தும்மலும் தோன்றும்; கடுமையாயின் மூச்சு முட்டும்; உயிராபத்தும் உண்டு. அதற்குச் சோதனையும் வேறு. எனக்கு அத்தகைய அறிகுறி எதுவும் இருந்ததில்லை.

சிகிச்சை மிக எளிமையாக இருந்தது. இறப்பர்க் கையுறையை விலக்கினேன். கழுவி அணிந்தாலும், உட்புறத்தை வெளிப்புறமாகத் திருப்பி அணிந்தாலும் பயனில்லை. நீலநிற நைத்திரைல் கையுறைகளிலும் பெரும்பாலும் இதே துணைப் பொருள்கள் உண்டு என்பதால் அவற்றையும் தவிர்த்தேன். இறப்பர் கலவாத வைனைல் கையுறையை, உள்ளே மெல்லிய பருத்திக் கையுறையோடு அணிகிறேன். அரைமணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து அணிவதில்லை. பருத்தி நனைந்தால் மாற்றிவிடுகிறேன். ஸ்ரீரொயிட் களிம்பை வைத்தியர் குறித்த இரு வாரங்களுக்கு மட்டும் பூசினேன். கை கழுவுந்தோறும் வாசலீன் தடவினேன். ஆறு வாரங்களிற் கொப்புளங்கள் நின்றன. தோல் பழைய உறுதியைப் பெறப் பல மாதங்கள் சென்றன. ஆயின் வெண்கலங்களின் நினைவு அழிவதில்லை. பல் வைத்தியரிடம் சென்றாலும், வாயைத் திறக்குமுன் அவருடைய கையுறையைப் பற்றிக் கூற வேண்டியவளாக இருக்கிறேன்.

ஊர் திரும்பிய அன்று மாலையே அயல் வீட்டுக்குச் சென்றேன். நடந்ததை அப்பிள்ளையின் தாயார் முன்னிலையிற் கூறினேன். பலர் முன் பழித்ததைப் பலர் முன்னிலையிலேயே மறுக்க வேண்டுமென்பதால், சிற்றன்னை வீட்டாரிடமும் அயலாரிடமும் தனித்தனியே சென்று சொன்னேன். நோயைக் கண்டுபிடிப்பதிலும் அது கடினமாக இருந்தது. அப்பிள்ளை அதிகம் பேசவில்லை. “உங்கட முதுகிலை என்ர மருதோண்டி நல்லாப் பிடிச்சதோ அக்கா?” என்று மட்டும் கேட்டாள். செம்மஞ்சளாகப் பிடித்தது என்றேன். முதுகில் அந்த வட்டம் மறைய ஏறக்குறைய இரண்டு வாரங்கள் சென்றன. அது மறையுமுன் தங்கையைக் கொண்டு அவளுக்குக் காட்டுவித்தேன். அவள் அதனை உற்றுப் பார்த்து, இன்னுஞ் சிறிது நேரம் ஊறியிருந்தால் நிறம் கூடியிருக்கும் என்றாளாம்.